சிசியில் சைன் அவுட் செய்த பிறகும் என் பெயர் ஏன் நிற்கிறது?

"அண்ணே, நான் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கேன். முந்தாநாள் டவுன் சைபர் கஃபேயில், அதான் சிசியில் உட்கார்ந்து என் ஜிமெயில்ல இருந்து வேலைக்கு மனு அனுப்பினேன். தம்பியோட டெலிமா கணக்கையும் அதே கணினியில் திறந்து அவன் பாடத்தை அனுப்பினோம். ரெண்டுலயும் சைன் அவுட் பண்ணிட்டுத்தான் வந்தேன். இன்னைக்குப் போனா குரோம் திறந்ததும் என் படமும் பேரும் நிக்குது, தம்பி பேரும் நிக்குது. சைன் அவுட் பண்ணினா போதாதா? அந்தப் புரொஃபைலை அழிச்சா என் போன்ல உள்ளதும் சேர்ந்து போயிடுமா?"

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போகாது. சிசி கணினியில் இருக்கும் புரொஃபைலை அழித்தால் அந்தக் கணினியில் கிடக்கும் நகல் மட்டும்தான் போகும். உங்கள் கடிதங்கள், போனில் இருக்கும் படங்கள், சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். தயங்காமல் அழிக்கலாம். ஆனால் அதே குரோமில் இன்னொரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் நீங்கள் பயப்படுவது உண்மையிலேயே நடக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதால் அதைப் பிறகு தனியாகச் சொல்கிறேன்.

சைன் அவுட் ஏன் போதவில்லை என்பதைப் பார்ப்போம். ஜிமெயில் பக்கத்தில் சைன் அவுட் அழுத்தும்போது கூகுளின் சர்வரிடம் "இந்தக் கணினிக்குக் கொடுத்த அனுமதி முடிந்தது" என்று சொல்கிறீர்கள். அன்று முதல் யாராவது அந்தக் கணினியில் உங்கள் ஜிமெயிலைத் திறந்தால் கடவுச்சொல் கேட்கும். அந்த அளவில் நீங்கள் செய்தது சரிதான். வாடகை அறையின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். ஆனால் கொண்டுபோன பெட்டியும் துணிமணியும் அந்த அறையிலேயே கிடக்கின்றன. அந்தப் பெட்டிதான் புரொஃபைல், குரோம் உங்கள் பெயரில் அந்தக் கணினியில் தனியாக வைத்திருக்கும் சேமிப்பு.

அது எப்படி அங்கே வந்தது என்பதும் எனக்குக் கிட்டத்தட்டத் தெரிகிறது, ஏனென்றால் பல கடைகளில் இதையே பார்த்திருக்கிறேன். 2018-இல் வந்த 69-ஆம் பதிப்பிலிருந்து குரோமில் ஜிமெயிலுக்குள் நுழைந்தால் பிரவுசரும் சேர்ந்து அந்தக் கணக்குக்குள் நுழைந்துவிடுகிறது. கடைக் கணினியில் ஏற்கனவே கடைக்காரரின் கணக்கோ வேறு வாடிக்கையாளரின் கணக்கோ இருந்திருக்கும். நீங்கள் இரண்டாவது ஆளாக நுழைந்ததும் குரோம் மேலே ஒரு சின்னப் பெட்டியைக் காட்டி, உங்களுக்கென்று தனிப் புரொஃபைல் வேண்டுமா என்று கேட்டிருக்கும். அவசரத்தில் நீல நிறப் பட்டனை அழுத்தியிருப்பீர்கள். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். அடுத்து சிங்க் இயக்கவா என்று கேட்டிருக்கும், அதற்கும் ஆம் என்று சொல்லியிருக்கலாம். அந்த நொடியிலிருந்து உங்கள் போனில் இருக்கும் குரோமின் புக்மார்க், பார்த்த பக்கங்களின் வரலாறு, சேமித்த கடவுச்சொற்கள், படிவங்களில் நிரப்பிய முகவரி, தொலைபேசி எண் எல்லாம் சிசி கணினிக்கு இறங்கத் தொடங்கும். நீங்கள் ஒரு மனு அனுப்பத்தான் போனீர்கள். ஆனால் பின்னணியில் போனில் இருந்த பாதி அங்கே வந்து சேர்ந்திருக்கும்.

தம்பியின் பெயர் தனியாக நிற்பதற்கும் இதுவே காரணம். டெலிமா கணக்கு என்பது கல்வி அமைச்சு கூகுளிடம் பெற்றுத் தரும் கணக்கு, `moe-dl.edu.my` என்று முடியும். இப்படி ஒரு நிறுவனம் நிர்வகிக்கும் கணக்கு என்றால், குரோம் அதற்குத் தனிப் புரொஃபைல் போடச் சொல்லி இன்னும் அழுத்தமாகவே கேட்கும். ஆக, அந்தக் கணினியில் உங்கள் வீட்டுப் பெட்டிகள் இரண்டு கிடக்கின்றன.

இப்போது ஒரு புது ஆள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து உங்கள் படத்தைக் கிளிக் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். புரொஃபைலைத் திறக்கக் கடவுச்சொல் கேட்காது. ஜன்னல் திறக்கும், மூலையில் உங்கள் படத்தின் பக்கத்தில் `Paused` என்று இருக்கும். சைன் அவுட் செய்ததால் சிங்க் நின்றிருக்கிறது, அவ்வளவுதான். இறங்கிய சரக்கு இறங்கியதுதான். `Ctrl+H` அழுத்தினால் நீங்கள் வீட்டில் இரவு பத்து மணிக்கு எந்தப் பக்கம் பார்த்தீர்கள் என்பதுகூடப் பட்டியலாக வரும். பேஸ்புக் நுழைவுப் பக்கத்தைத் திறந்தால் பெயரும் கடவுச்சொல்லும் தானாக நிரம்பும். அவர் "உள்நுழை" என்று அழுத்தினால் போதும்.

குரோம் கடவுச்சொற்களைப் பூட்டித்தானே வைக்கிறது என்று சிலர் கேட்பார்கள். பூட்டுகிறது. ஆனால் அந்தப் பூட்டின் சாவி விண்டோஸ் கணக்கோடு சேர்ந்தது. வீட்டுக் கணினியில் ஆளுக்கு ஒரு விண்டோஸ் கணக்கு இருக்கலாம். சிசியில் காலையிலிருந்து இரவு வரை வருகிற அத்தனை பேரும் ஒரே விண்டோஸ் கணக்கில்தான் உட்காருகிறார்கள், அதற்குப் பெரும்பாலும் கடவுச்சொல்லே இருக்காது. எல்லார் கையிலும் ஒரே சாவி இருந்தால் அந்தப் பூட்டால் என்ன பயன்?

அப்படியானால் சைன் அவுட்டை விட்டுவிட்டு நேராகப் புரொஃபைலை அழித்தால் போதாதா என்று தோன்றும். அதுவும் அரைக் காரியம்தான். இணையத்தளம் நம்மை அடையாளம் காண ஒரு சின்னக் குக்கியைக் கணினியில் போட்டு வைக்கிறது. புரொஃபைலை அழித்தால் கணினியில் இருக்கும் குக்கி போய்விடும். ஆனால் பேஸ்புக் சர்வருக்கோ வேலை வாய்ப்புத் தளத்தின் சர்வருக்கோ அது தெரியாது. அவர்களின் கணக்கில் அந்த அனுமதி இன்னும் உயிரோடு இருக்கும். அந்தக் குக்கியின் நகல் ஏற்கனவே எங்காவது போயிருந்தால், அதை வைத்து உள்ளே வரலாம். அதனால்தான் வரிசை முக்கியம். முதலில் திறந்த ஒவ்வொரு தளத்திலும் சைன் அவுட், அதன் பிறகு புரொஃபைல் அழிப்பு. முதலாவது சர்வர் பக்கத்தை மூடும், இரண்டாவது கணினியில் கிடக்கும் நகலை எடுத்துவிடும்.

இன்னொரு சின்ன விஷயமும் இந்த இரண்டாவது வேலையில்தான் தீர்கிறது. கூகுளில் இரண்டு கட்டச் சரிபார்ப்பு வைத்திருப்பவர்களுக்கு, போனுக்கு வந்த எண்ணைத் தட்டும் பக்கத்தில் `Don't ask again on this device` என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் நாம் தொடாமலேயே டிக் விழுந்திருப்பது வழக்கம், யாரும் கவனிப்பதில்லை. டிக்கோடு உள்ளே போனால், "இந்தக் கணினி நம்பகமானது" என்று ஒரு குறிப்பு குக்கியாகத் தங்கிவிடும். சைன் அவுட் அதை எடுக்காது. அடுத்த முறை யாருக்காவது உங்கள் கடவுச்சொல் மட்டும் தெரிந்தால் போதும், போனுக்கு எண் வராமலேயே உள்ளே போய்விடுவார். புரொஃபைலை அழித்தால் அந்தக் குறிப்பும் சேர்ந்து போய்விடும்.

சரி, நாளைக்குக் கடைக்குப் போய் அதே கணினியில் உட்காருங்கள். எண் நினைவில்லை என்றால் கடைக்காரரிடம் கேட்டால் அன்றைய நேரத்தை வைத்துச் சொல்வார். குரோமைத் திறந்ததும் `Who's using Chrome?` என்ற பக்கம் வந்தால் நல்லது. வராமல் வேறொருவர் ஜன்னல் நேராகத் திறந்தால், வலது மேல் மூலையில் இருக்கும் வட்டப் படத்தைக் கிளிக் செய்து `Manage Chrome profiles` என்பதற்குப் போங்கள். சில பதிப்புகளில் அங்கே பல்சக்கரம் போல ஒரு குறி மட்டும் இருக்கும். உங்கள் படம் இருக்கும் அட்டையின் மூலையில் மூன்று புள்ளிகள் தெரியும். அதில் `Delete`. கடைக் கணினி மலாயில் இருந்தால் `Padam` என்று இருக்கும். சைன் அவுட்டுக்கு அங்கே `Log keluar` என்று வரும்.

உடனே உறுதி செய்துவிடாதீர்கள். அழிக்கும் முன் குரோம் ஒரு சின்னப் பட்டியல் காட்டும். வரலாறு எத்தனை, கடவுச்சொற்கள் எத்தனை, புக்மார்க் எத்தனை, படிவ விவரங்கள் எத்தனை என்று எண்களோடு இருக்கும். அதைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிலைமை எவ்வளவு மோசம் என்பதை அந்த எண்தான் சொல்லும். `Passwords` பக்கத்தில் 0 என்று இருந்தால் கடவுச்சொல் எதுவும் இறங்கவில்லை, நிம்மதியாக அழித்துவிட்டு வரலாம். 30, 40 என்று இருந்தால் போனில் இருந்த கடவுச்சொற்கள் எல்லாம் இங்கே இறங்கியிருக்கின்றன என்று பொருள். இந்த இரண்டு நாளில் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. வங்கி, மின்னஞ்சல், பேஸ்புக், சேமநிதிக் கணக்கு என்று முக்கியமானதிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாக உங்கள் போனிலிருந்து மாற்ற வேண்டும்.

படம் எடுத்த பிறகு `Delete` உறுதி செய்யுங்கள். தம்பியின் அட்டைக்கும் அப்படியே. அப்புறம் குரோமின் எல்லா ஜன்னல்களையும் மூடித் திரும்பத் திறந்து பாருங்கள். அழித்த புரொஃபைலின் கோப்புறையை குரோம் சில நேரம் மூடும்போதோ அடுத்த முறை திறக்கும்போதோதான் உண்மையில் நீக்கும். நான் சந்தேகம் வந்தால் கீழே இருப்பதை விண்டோஸ் பொத்தானையும் R-ஐயும் சேர்த்து அழுத்தி வரும் பெட்டியில் தட்டிப் பார்ப்பேன்.

```
%LOCALAPPDATA%\Google\Chrome\User Data
```

அங்கே `Default`, `Profile 1`, `Profile 2` என்று கோப்புறைகள் தெரியும். எது உங்களுடையது என்று தெரிய, அழிக்கும் முன்பே உங்கள் புரொஃபைலில் `chrome://version` என்று தட்டினால் `Profile Path` என்ற வரியின் முடிவில் அதன் பெயர் இருக்கும். அழித்துவிட்டுத் திரும்பப் பார்க்கும்போது அந்தக் கோப்புறை இருக்கக் கூடாது. பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே கையால் எதையும் அழிக்கப் போனால் கடைக்காரரின் கோப்புறையை அழித்துவிட வாய்ப்பு உண்டு.

புரொஃபைல் போனாலும் போகாத ஒன்று இருக்கிறது, அது `Downloads` கோப்புறை. அது குரோமுக்கு வெளியே விண்டோஸில் இருப்பது. வேலை மனுவுக்காக அடையாள அட்டை நகல், எஸ்பிஎம் சான்றிதழ் எல்லாம் ஜிமெயிலிலிருந்து இறக்கி அச்செடுத்திருப்பீர்கள். அவை அங்கேயே இருக்கும். எனக்கு இதுதான் பெரிய கவலை. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம், அடையாள அட்டை எண்ணை மாற்ற முடியாது. அந்தக் கோப்புறையைத் திறந்து தேதிப்படி வரிசைப்படுத்தி, உங்களுடையதைத் தேர்ந்து `Shift+Delete` அழுத்துங்கள். அப்போது குப்பைத் தொட்டிக்குப் போகாமல் நேராகப் போய்விடும். ஸ்கேன் எடுத்திருந்தால் அந்தக் கோப்பு முன்கவுண்டர் கணினியில் இருக்கும். அதையும் அழிக்கச் சொல்லுங்கள்.

இப்போது அந்த ஆபத்தான பட்டனுக்கு வருகிறேன். `Ctrl+Shift+Delete` அழுத்தினால் `Delete browsing data` என்ற பெட்டி வரும். சிசியில் கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் கிளம்பும்போது இதைத்தான் அழுத்துகிறார்கள். உங்கள் கணக்கில் சிங்க் ஓடிக்கொண்டிருக்கும்போது இதில் வரலாறு, கடவுச்சொல் என்று டிக் வைத்து அழித்தால், "இவற்றை எல்லா இடத்திலும் அழி" என்றுதான் கூகுள் எடுத்துக்கொள்ளும். சிசி கணினியில் போவது போலவே உங்கள் போனிலும் போய்விடும். அதைவிட மோசம், குக்கியை அழித்தாலும் கூகுள் கணக்கிலிருந்து அது உங்களை வெளியேற்றாது. நீங்கள் வெளியே வந்துவிட்டதாக நினைப்பீர்கள், கணக்கு உள்ளேயே இருக்கும். புரொஃபைல் அழிப்பது அப்படி இல்லை. அது அந்தக் கணினியோடு நிற்கும். ஆக, பெட்டியில் `Delete` என்ற சொல் வந்தவுடனே அழுத்தாமல், மேலே `profile` என்று இருக்கிறதா, `browsing data` என்று இருக்கிறதா என்று ஒரு நொடி படித்துப் பாருங்கள்.

எல்லாருக்கும் தனிப் புரொஃபைல் உருவாகியிருக்காது. சில கடைகளில் ஒரே ஒரு புரொஃபைல்தான் இருக்கும், நீங்கள் அதற்குள்ளேயே நுழைந்திருப்பீர்கள். அதை அழித்தால் கடைக்காரர் அச்சுப் பணிக்கு வைத்திருக்கும் புக்மார்க், கடையின் சொந்தக் கணக்கு எல்லாம் சேர்ந்து போகும். அங்கே அப்படிச் செய்யாதீர்கள். மூலையிலிருக்கும் படத்தைக் கிளிக் செய்து குரோமிலிருந்தே வெளியேறுங்கள், ஜிமெயில் பக்கத்தில் மட்டும் அல்ல. சிங்க்கை நிறுத்தும் பெட்டியில் இந்தக் கணினியிலிருந்து புக்மார்க், வரலாறு, கடவுச்சொற்களை அழிக்கவா என்று கேட்டு ஒரு டிக் கட்டம் இருக்கலாம். அதுவும் அந்தப் புரொஃபைலில் உள்ள எல்லார் சரக்கையும் துடைக்கும், ஆகவே கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு டிக் வையுங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் மறுக்க மாட்டார்கள். அடுத்தவர் கடவுச்சொல் தன் கணினியில் கிடப்பது அவர்களுக்கும் தலைவலிதான்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. அதை நானே நேரில் பார்த்தேன். ஒரு கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு, ஒரு பெண்ணின் புரொஃபைலை எத்தனை முறை அழித்தாலும் மறுநாள் காலையில் திரும்ப வந்து நிற்கிறது என்றார். அந்தப் பெண் தினமும் வந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தால் கணினிகளில் டீப் ஃப்ரீஸ் போட்டிருந்தது. சிசிகளில் இது சகஜம். கணினியை ஒரு நிலையில் உறைய வைத்துவிட்டால், பகலில் யார் என்ன செய்தாலும் மறுபடி இயக்கும்போது பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வைரஸ் வந்தாலும் போய்விடும் என்பதால் கடைக்காரர்களுக்குப் பிடிக்கும். நமக்கும் அது பெரும்பாலும் நல்லதுதான், ஏனென்றால் நாம் மறந்துவிட்டுப் போனதையும் அதுவே துடைத்துவிடும். ஆனால் இந்தக் கடையில் உறைய வைத்த அன்றைக்கே அந்தப் பெண்ணின் புரொஃபைல் உள்ளே இருந்திருக்கிறது. அதனால் அதுவும் சேர்ந்து உறைந்துவிட்டது. காலையில் பொத்தானை அமுக்கியதும் அதே புரொஃபைல், அதே கடவுச்சொற்கள், அன்றைய குக்கி எல்லாம் உயிரோடு வந்து நின்றன. கடைக்காரர் தன் கடவுச்சொல்லைக் கொடுத்து உறைவை நீக்கி இயக்கினார். நான் புரொஃபைலை அழித்து, குரோமை மூடித் திறந்து சரிபார்த்த பிறகு திரும்ப உறைய வைத்தோம். அதோடு தீர்ந்தது.

அன்றைக்கு அந்தப் பெண் செய்திருந்த ஒரு சரியான காரியம் கூகுளில் சைன் அவுட் செய்திருந்தது. அதனால் தினமும் திரும்பி வந்த குக்கி சர்வரில் செல்லாக் காசு. ஜிமெயில் திறக்கவில்லை. வரலாறும் கடவுச்சொற்களும்தான் பாதிப்பு. வரிசையை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது இதற்காகவே. நீங்கள் உட்கார்ந்த கணினியில் முந்தாநாள் உருவான புரொஃபைல் இன்றும் இருக்கிறது என்றால், அங்கே உறைவு வேலை செய்யவில்லை அல்லது கணினியை இடையில் மறுபடி இயக்கவில்லை என்று பொருள். ஆனால் நாளைக்கு அழித்த பிறகு மறுநாள் திரும்ப வந்து நின்றால், கடைக்காரரிடம் "உறைய வைத்த நிலையிலேயே என் பேர் இருக்கு, உறைவை எடுத்துட்டு அழிங்க" என்று சொல்லுங்கள். அவருக்கு உடனே புரியும்.

அந்தக் கடை வரைக்கும் போவதற்கு முன் இன்றிரவே வீட்டிலிருந்து போனில் ஒரு வேலை செய்துவிடுங்கள். `myaccount.google.com/device-activity` என்ற பக்கத்தைத் திறந்தால் உங்கள் கணக்கு உள்ளே இருக்கும் கருவிகளின் பட்டியல் வரும். நீங்கள் வைத்திராத ஒரு விண்டோஸ் கணினி, முந்தாநாள் தேதியோடு இருந்தால் அதைத் தொட்டு `Sign out` கொடுங்கள். அது பட்டியலில் சைன் அவுட் ஆனதாகத் தெரிந்தால் நீங்கள் அன்று செய்தது சரியாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது. தம்பியின் கணக்கிலும் இதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். அன்று அச்செடுக்க வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால், போனில் வாட்ஸ்அப்பின் `Linked devices` பட்டியலிலும் அந்தக் கணினியை வெளியேற்றுங்கள். தூரத்திலிருந்து செய்யும் இந்தச் சைன் அவுட் கதவை மட்டும்தான் மூடும் என்பதை மறக்க வேண்டாம். கணினியில் ஏற்கனவே இறங்கிவிட்ட கடவுச்சொற்களை வீட்டிலிருந்து திரும்ப இழுக்க வழி இல்லை. அதற்குக் கடைக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

தம்பியின் டெலிமா கடவுச்சொல்லை உங்களால் மாற்ற முடியாவிட்டால், பள்ளியில் டெலிமாவுக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் சொன்னால் புதிதாக அமைத்துக் கொடுப்பார். அதைச் செய்துவிடுவது நல்லது. அந்தக் கடையில் அதே பள்ளிப் பையன்கள்தான் பின்னேரம் விளையாட வருவார்கள். தெரிந்தவன் பெயரை அட்டையில் பார்த்தால் யாராவது திறந்து பார்க்காமல் இருக்க மாட்டார்கள்.

அடுத்த முறை போகும்போது இவ்வளவும் தேவைப்படாமல் இருக்க, குரோம் திறந்ததும் `Guest` என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். `Who's using Chrome?` பக்கத்தின் கீழ் மூலையிலேயே இருக்கும். கெஸ்ட் ஜன்னலில் ஜிமெயிலுக்குள் போனாலும் குரோம் உங்களைப் புரொஃபைலாக மாற்றாது, சிங்க் கேட்காது. எல்லா கெஸ்ட் ஜன்னல்களையும் மூடினால் குக்கி, வரலாறு எதுவும் தங்காது. `Ctrl+Shift+N` அழுத்தி வரும் இன்காக்னிடோவும் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்யும், ஆனால் அது அடுத்தவர் புரொஃபைலின் மேல் உட்கார்ந்து ஓடுவது. கெஸ்ட் இருக்கும் இடத்தில் எனக்கு அதுதான் பிடிக்கும். இரண்டிலும் இறக்கிய கோப்பு `Downloads`-இல் தங்கத்தான் செய்யும். இரண்டிலும் கிளம்பும் முன் சைன் அவுட் செய்ய வேண்டும், ஏனென்றால் நேரம் முடிந்தால் கடையின் மென்பொருள் திரையைத்தான் பூட்டும். பின்னால் உங்கள் ஜன்னல் திறந்தே இருக்கும், அடுத்த ஆள் காசு கட்டியதும் அதே ஜன்னல் அவர் முன்னே வரும். கடைசி பத்து நிமிடத்தை இதற்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

கெஸ்டாலும் புரொஃபைல் அழிப்பாலும் தீராத ஒரு விஷயம் இருக்கிறது. கணினியில் நீங்கள் தட்டும் எழுத்துகளைப் பதிவு செய்யும் மென்பொருள் யாராவது போட்டிருந்தால், நீங்கள் கடவுச்சொல்லைத் தட்டிய அந்த நொடியிலேயே அது போய்விட்டது. பிறகு எதை அழித்தாலும் திரும்பாது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஆகவே சிசியில் கடவுச்சொல் தட்டிய ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்ததும் அந்த ஒரு கடவுச்சொல்லைப் போனிலிருந்து மாற்றிவிடுங்கள். வங்கிக் கணக்கை அங்கே திறக்கவே வேண்டாம். அச்செடுப்பது மட்டும்தான் வேலை என்றால் கணக்குக்குள் போகவே தேவையில்லை, கோப்பைப் பெண்ட்ரைவில் போட்டுக்கொண்டு போங்கள்.

நாளைக்கு அந்தப் பெட்டியில் `Passwords` பக்கத்தில் எந்த எண் வருகிறது என்று எனக்கு எழுதுங்கள். பெரிய எண்ணாக இருந்தால் எதை முதலில் மாற்றுவது என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.